நிரப்பாத நாலு கட்டம்

காலையில் எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை ஆண்டவனைக் கும்பிடுவது. அடுத்த வேலை, பக்கத்தில் படுத்திருக்கும் கணவரின் வலது கையைத் தூக்கி முழங்கைக்குக் கீழே காது வைத்துக் கேட்பது. அங்கேதான் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். உள்ளே ரத்தம் 'ர்ர்ர்' என்று ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் கை நன்றாக இருக்கிறது, டயாலிசிஸுக்குப் போகலாம். இடது கையில் முதலில் தைத்தது ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோயிற்று. அதிலிருந்து அவளுக்கு இந்தப் பயம்.

"மோட்டார் ஓடுதா?" என்று அவர் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"ஓடுதுங்க."

"அப்போ லிஃப்ட் இன்னைக்கும் மேலே போகும். எந்திரி."

அவர் லிஃப்ட் மெக்கானிக். கை நன்றாக இருந்த காலத்தில் அந்த ஊரில் பழுதாகி நின்ற லிஃப்ட் பெட்டிகளில் பாதி அவர் கைபட்டுத்தான் மறுபடி ஓடின. இவள் சலவைக் கடையில் துணி பிரிக்கிற வேலை பார்த்தவள். படித்தது ஐந்தாம் வகுப்பு. அத்தனை வீட்டுத் துணியும் ஒரே தொட்டியில் ஊறி வெளுத்து வந்தாலும், சட்டையின் கழுத்துப் பட்டையைப் பார்த்து எந்த வீட்டுச் சட்டை என்று சொல்லிவிடுவாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பார்த்தால் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது இரண்டு பேருக்கும் வேலை ஒன்றே. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி. அங்கே நீளமான ஒரு கூடம், இரு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மெஷின். மெஷின் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். நர்ஸ் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய வட்டக் கடிகாரம். கூடத்தில் இருக்கிற அத்தனை கண்களும் அதன்மேல்தான். "இந்த முள்ளுக்கு மட்டும் வாயிருந்தா நம்மளைப் பார்த்து, ஏன்டா இப்படி முறைக்கிறீங்கன்னு கேட்டிருக்கும்" என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் வாய் ஓயாமல் பேசுவார். அதனால் அவருக்கு ரேடியோ என்று பேர். பேர் வைத்தது நர்ஸ்தான். அவரும் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

கட்டம் போடுகிற பழக்கம் மகளால் வந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று சுடோகு புத்தகம் ஒன்று அனுப்பினாள். ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் போடுகிற சாதாரணப் புத்தகம். அவர் நாற்காலியில் இருந்தபடி ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி, மகளுக்குப் போன் போட்டார்.

"எண்ணே வேண்டாம்மா. இங்க வந்தா எடை ஒரு எண்ணு, பிரஷர் ஒரு எண்ணு, குடிச்ச தண்ணி ஒரு எண்ணு. எல்லா எண்ணும் என்னைத் திட்டுது. பொழுதுபோக்குக்குமா எண்ணு?"

மகள் சளைக்கவில்லை. தேடிப் பிடித்து வேறொரு புத்தகம் அனுப்பினாள். அதிலும் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம்தான். எண்ணுக்குப் பதில் எழுத்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒன்பது எழுத்துகளைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். கட்டத்துக்குள்ளே சில இடங்களில் எழுத்தை அச்சிலேயே கொடுத்திருப்பார்கள். குறுக்கு வரி ஒவ்வொன்றிலும், நெடு வரி ஒவ்வொன்றிலும், மூன்றுக்கு மூன்றான சின்னச் சதுரம் ஒவ்வொன்றிலும் அந்த ஒன்பது எழுத்தும் ஒரு தடவை வர வேண்டும், ஒரு எழுத்தும் இரண்டு தடவை வரக் கூடாது. கூடவே ஒரு ரகசியம் உண்டு. ஒன்பது எழுத்தும் சேர்ந்து ஒரு சொல். கட்டத்தை முடித்தால் ஏதோ ஒரு வரியில் அந்தச் சொல் ஒழுங்காக நிற்கும்.

அவருக்கு இது பிடித்துப் போயிற்று. ஆனால் ஊசி ஏறுவது எழுதுகிற வலது கையில். அந்தக் கையை அசைக்கக் கூடாது. இடது கையால் எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருந்தது. அதனால் பென்சில் இவள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் இவளை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் சொல்கிற முறையே தனி. குறுக்கு வரி அவருக்கு 'மாடி'. நெடு வரி 'தூண்'. சின்னச் சதுரம் 'வீடு'. மாடியைக் கீழேயிருந்துதான் எண்ணுவார். மேலேயிருந்து எண்ணுகிற கட்டடம் உலகத்தில் உண்டா என்பது அவர் வாதம். இவளோ பள்ளிக்கூடத்தில் படித்தபடி மேலேயிருந்து எண்ணிப் பழகியவள். ஆரம்பத்தில் ஒருநாள் அவர் "ரெண்டாம் மாடி" என்று சொன்னதை மேலிருந்து இரண்டாவது வரியில் எழுதிவிட்டாள். கட்டம் முக்கால்வாசி ஏறின பிறகு ஒரே வீட்டில் இரண்டு 'ம்' வந்து நின்றது. அன்று அவர் சிரித்த சிரிப்பில் ஊசிக் கை அசைந்து மெஷினே கூவிற்று. நர்ஸ் ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. வாத்தியாரம்மா ஒரு குடித்தனக்காரனை மொட்டை மாடியில இறக்கி விட்டுட்டாங்க" என்றார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எது இங்கே வராது என்று பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். எல்லாம் தள்ளிப் போய் மிஞ்சுவது எதுவோ, அதை எழுத வேண்டும். "லிஃப்ட் நின்னா எதைப் பார்ப்பே? மோட்டாரா? இல்ல. கதவா? இல்ல. கம்பியா? இல்ல. மிச்சம் என்னவோ அதுதான் பழுது." ஊகத்துக்கே அங்கே இடமில்லை. ஒளிந்திருக்கிற சொல்லை முன்கூட்டியே கண்டுபிடித்து அதை வைத்து வரியை நிரப்புவது அவர் கணக்கில் திருட்டு. "சொல்லு வந்து சம்பளம் மாதிரி. வேலை முடிஞ்ச பிறகுதான் வாங்கணும்."

இவளுக்குத்தான் கஷ்டம். பாதிக் கட்டத்திலேயே, சட்டைக் கழுத்தைப் பார்த்தது போல, சொல் இவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் அன்று முழுதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன்பிறகு தெரிந்தாலும் நாக்கை மடித்து வைத்துக்கொள்வாள். கடைசி எழுத்து ஏறினதும் அவராகப் படித்து, "அட, இதுதானா" என்பார். இவளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "அட, ஆமாங்க" என்பாள். இது அவர்களுக்குள் நடப்பாகிவிட்டது. இன்னொரு நடப்பும் உண்டு: புத்தகத்தை வீட்டில் திறக்கக் கூடாது. அது நாற்காலிக்கு மட்டும் உரியது. வீட்டிலும் அதை எடுத்தால் வீடும் ஆஸ்பத்திரியாகிவிடும் என்று அவர் சொன்னார். அது சரியாகத்தான் பட்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள், டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்புகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்.

"அந்தப் புத்தகத்துல இன்னும் ஒரு பக்கம்தான் இருக்கு, பார்த்தியா?"

"ஆமாங்க. பாப்பாகிட்ட வேற ஒண்ணு அனுப்பச் சொல்லலாம்."

"வேண்டாம்." கொஞ்ச தூரம் போன பிறகு மீதியைச் சொன்னார். "அது முடிஞ்சதும் நானும் முடிச்சுக்கறேன். இதுக்கு மேல வர வேண்டாம்னு தோணுது. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

வராவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கோபம், அழுகை என்று எதுவுமே கணவரின் குரலில் இல்லை. வேலை முடிந்து கருவிப் பெட்டியை மூடுகிறவன் பேசுவது போலிருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். களைப்புக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்து அவருக்குக் கட்டிலை விரித்துக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஆண்டவனிடம் கேட்க வாய் வரவில்லை. அவர் நீடித்து இருக்க வேண்டும் என்று கேட்டால், அந்த ஊசியும் தாகமும் காலை முறுக்குகிற வலியும் நீடிக்க வேண்டும் என்று கேட்பதாகிவிடுகிறது. தாகமென்றால் சாதாரணத் தாகமில்லை. ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு அரை நாள் ஓட்டுகிற தாகம். அது மட்டுமல்ல. அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது, இனி விடியலில் பஸ்ஸுக்கு ஓட வேண்டாமே என்று மனசின் ஒரு மூலையில் ஒரு மூச்சு வந்து போனது. அதையும் அவள் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு எந்த முகத்தோடு கும்பிடுவது? கடைசியில், "உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உலை வைத்தாள். மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள். மேலே எழுத்துகள் கலைந்து கிடந்தன: க, டி, ம், சு, க், வ, ர, கா, ர்.

"மூணு க வரிசை வச்சிருக்கான் பாரு. க, கா, க். ரெண்டு ர வேற. புள்ளியை நல்லா அழுத்தி வை வாத்தியாரம்மா. புள்ளி போச்சுன்னா கட்டடமே போச்சு" என்றார்.

அன்று அவளுக்குச் சொல் தெரியவில்லை. தேடவும் தோன்றவில்லை. மெதுவாகவே போக வேண்டும் என்று மனசு கெஞ்சியது. அவரோ அன்று நல்ல தெம்பாக இருந்தார்.

"மேல் மூணு மாடியைப் பாரு. ஒன்பதாம் மாடியில 'ம்' முதல் வீட்டுல இருக்கு. எட்டாம் மாடியில நடு வீட்டுல இருக்கு. அப்போ மூணாவது வீட்டுக்கு 'ம்' எங்கே வரும்?"

"ஏழாம் மாடியில."

"ஏழாம் மாடியில அந்த வீட்டுக்கு மூணு அறை. ஒண்ணுல ஆள் இருக்கு. கடைசித் தூண்ல ஏற்கெனவே 'ம்' இருக்கு. மிச்சம்?"

"ஏழாம் தூண்."

"எழுது."

இப்படி ஒவ்வொன்றாக ஏறிற்று. ரேடியோ நடுவில் தலையை நீட்டினார். "அண்ணே, என்ன வார்த்தைன்னு தெரிஞ்சுதா? நான் வேணும்னா ஒண்ணு சொல்லட்டுமா?"

"நீ செய்தி மட்டும் வாசிப்பா."

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனாள். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் சுற்றிச் சுற்றி வந்தது. கட்டம் நிறைந்துகொண்டே வந்து, நாலே நாலு காலியில் வந்து நின்றது.

ஆறாம் மாடியில் நாலாம் தூணும் எட்டாம் தூணும் காலி. நாலாம் மாடியில் அதே நாலாம் தூணும் எட்டாம் தூணும் காலி. மற்ற எல்லாம் நிரம்பிவிட்டன. இந்த நாலுக்கும் மிஞ்சியது சு, க் என்ற இரண்டு எழுத்துதான். ஒவ்வொரு மாடிக்கும் அதே இரண்டு, ஒவ்வொரு தூணுக்கும் அதே இரண்டு, நடு வீட்டுக்கும் அதே இரண்டு, வலது வீட்டுக்கும் அதே இரண்டு.

"மேலே 'சு' போட்டுப் பாரு" என்றார்.

ஆறாம் மாடியில் நாலாம் தூணில் 'சு' என்று லேசாக எழுதினாள். அப்படியானால் எட்டாம் தூணில் 'க்'. கீழே நாலாம் மாடியில் அது தலைகீழாக, முதலில் 'க்', பிறகு 'சு'. எல்லாம் பொருந்தியது. எதுவும் இரண்டு தடவை வரவில்லை.

"இப்போ அழிச்சுட்டு மாத்திப் போடு."

மாற்றிப் போட்டாள். அதுவும் பொருந்தியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு விடை வரக் கூடாதே. ரெண்டு விடை வந்தா அது கட்டமே இல்லியே."

ரப்பரால் நாலையும் அழித்துவிட்டு, அவர் பார்ப்பதற்காகப் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தாள். சாய்த்துப் பிடித்த அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாடியிலும் இல்லை, தூணிலும் இல்லை. இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலைக்குப் படிக்கட்டு மாதிரி இறங்குகிற சாய்வு வரியில் நின்றது. சு, வ, ர், பிறகு ஒரு காலி, க, டி, கா, ர, ம். அந்தக் காலி இடம்தான் ஆறாம் மாடி நாலாம் தூண். அங்கே 'க்' போட்டால் சுவர்க்கடிகாரம். 'சு' போட்டால் ஒன்றுமில்லை. ஒரு எழுத்து அங்கே உட்கார்ந்தால் மற்ற மூன்றும் தானாக உட்கார்ந்துவிடும். கட்டம் முடிந்துவிடும்.

கட்டம் முடிந்துவிடும்.

பென்சில் அவள் கையில் இருந்தது. நாக்கு மடிந்தே இருந்தது. எத்தனையோ தடவை அவருக்காக மடித்து வைத்த நாக்கு. இந்தத் தடவை யாருக்காக என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நீ எங்கேயோ மாடி மாத்தி எழுதியிருக்கே" என்றார் அவர்.

அவள் மாற்றி எழுதவில்லை. தெரிந்தே, "இருக்கலாங்க" என்றாள்.

"அடுத்த தடவை எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து போடுவோம். அச்சுல கொடுத்த எழுத்தை மட்டும் வச்சுக்கோ."

அடுத்த தடவை என்று அவர் வாயாலேயே சொன்னார். நர்ஸ் ஊசியை உருவி, துளையில் பஞ்சு வைத்தாள். அதை அழுத்திப் பிடிப்பது எப்போதும் இவள் வேலை. அழுத்திய விரலுக்குக் கீழே அந்த 'ர்ர்ர்' ஓடியது. இவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இடையில் வந்த ஒருநாள் வீட்டில் நகரவே இல்லை. புத்தகம் பையில் இருந்தது. பையைக் கடந்து போகும்போதெல்லாம் அது முறைத்தது. பொய் சொல்லவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். 'இருக்கலாங்க' என்பது பொய்யா? ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஆண்டவன் தராசில் இரண்டுக்கும் ஒரே எடையாகத்தான் இருக்கும். படுத்திருக்கிற மனிதனை ஒரு எழுத்தால் கட்டிப் போட்டிருக்கிறேனே, கயிறு என்று தெரியாமல் அவரும் கட்டுண்டு கிடக்கிறாரே என்று நினைத்தபோது அவளுக்கே சகிக்கவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் அன்று நல்ல சாக்காக இருந்தது.

மறுமுறை போனார்கள். அச்செழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ரப்பரால் அழித்தாள். தாள் மெலிந்து நார் நாராக வந்தது. அவர் சொல்லச் சொல்ல மறுபடி எழுதினாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்துக்கும், "கீழேயிருந்துதானே எண்ணினே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள்.

பாதியில் அவர் குரல் தேய்ந்தது. முகம் வெளுத்து வேர்த்தது. பிரஷர் இறங்கிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து நாற்காலியைப் பின்னால் சாய்த்து, காலை உயர்த்தி, மெஷினில் ஏதோ திருகினாள். அதற்குள் இடது காலில் சதை முறுக்கிக்கொண்டது. இவள் புத்தகத்தைத் தரையில் போட்டுவிட்டு அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை நோக்கி அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

வலி இறங்கிய பிறகும் இவள் பாதத்தை விடவில்லை. அந்தப் பாதத்தைப் பிடித்தபடியே இவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வலியை அனுபவிப்பது அவர். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவரும் அவர். நான் ஒரு கட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு அவரை இழுக்கக் கூடாது.

"மிச்சம் போடலாமா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

போட்டார்கள். மறுபடி அதே நாலில் வந்து நின்றது. அதே சு, அதே க்.

"என்னங்க."

"ம்."

"நான் மாடி மாத்தி எழுதலைங்க. போன தடவையும் மாத்தலை. சொல்லு எனக்குப் போன தடவையே தெரிஞ்சுபோச்சு. சொன்னா முடிஞ்சுரும்னு சொல்லாம இருந்துட்டேன். தப்புதான்." பென்சிலால் காலி இடங்களைக் காட்டினாள். "இந்த நாலும் தள்ளித் தள்ளி வராதுங்க. சொல்லை வச்சுத்தான் தீரும். அது எங்க இருக்குன்னா..."

"படிக்கட்டுல."

அவள் கை பென்சிலோடு நின்றது.

"புத்தகத்தைச் சாய்ச்சுப் பிடிச்சியே, அப்பவே பார்த்துட்டேன்" என்றார். "லிஃப்ட்காரன் படிக்கட்டைப் பார்க்க மாட்டான்னு நினைச்சியா? நான் போற இடத்துல எல்லாம் லிஃப்ட் நின்னுதானே கிடக்கும்? வாழ்நாள் முழுக்க நான் ஏறினது படிக்கட்டுதான்."

"தெரிஞ்சா ஏங்க சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

மெஷின் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உதட்டை நாக்கால் தடவினார். இவள் பிளாஸ்கைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக் கரைத்தார்.

"உன் முகத்தைப் பார்த்தேன்" என்றார் பிறகு. "தெரிஞ்சவ முகம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தே. அதுக்கு முன்னாடி பஸ்ஸுல நான் சொன்னப்போ நீ ஒண்ணும் பேசலை. சரி, இவளும் களைச்சுப் போயிட்டா, முடியட்டும்னு நினைக்கிறா போலன்னு எடுத்துக்கிட்டேன்."

"நினைச்சேங்க" என்றாள் அவள். சொல்லாமல் விட முடியவில்லை. "ஒரு நிமிஷம் நினைச்சேன்."

"நினைக்காம இருந்தாத்தான் அதிசயம்." அவர் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார். "அதுக்கப்புறம் இந்த ஒரு எழுத்தை ஒளிச்சு வச்சியே. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ பண்ணுச்சு. நானும் ஒளிச்சு வச்சேன். நாலு கட்டம் காலியா இருந்தது கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுக்காக மறுபடி முதல்லேர்ந்து அழிச்சு எழுத விட்டீங்களே. கை வலிக்குது."

"மாடி எண்ணப் பழகட்டும்னுதான்."

சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றாள். "நான் இனிமே ஒளிச்சு வைக்க மாட்டேன். நீங்களும் தனியா முடிவெடுத்துட்டு பஸ்ஸுல வச்சுச் சொல்லக் கூடாது. வேண்டாம்னு ஆயிட்டா வேண்டாம். நான் பிடிச்சு இழுக்கலை. ஆனா அதை உட்கார்ந்து பேசுவோம். பாப்பாவையும் கூப்பிட்டு வச்சுப் பேசுவோம். புத்தகம் முடிஞ்சுதுன்னு முடிக்கிறது என்னங்க கணக்கு?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்தில் யாருடைய மெஷினோ கூவி ஓய்ந்தது.

"தப்புக் கணக்குதான்" என்றார். "எனக்குக் களைப்பா இருக்கு. அது பொய்யில்ல. நாளைக்கும் களைப்பாத்தான் இருக்கும். அடுத்த தடவை வருவேன். அதுக்கடுத்த தடவையைப் பத்தி இப்பக் கேட்காதே."

"கேட்கலை."

"எழுது."

ஆறாம் மாடி, நாலாம் தூண். 'க்' என்று எழுதிப் புள்ளியை நன்றாக அழுத்தி வைத்தாள். தாள் அங்கே நைந்து போயிருந்ததால் புள்ளி பின்னட்டை வரைக்கும் பதிந்தது. அதே மாடியில் எட்டாம் தூணில் 'சு'. கீழே நாலாம் மாடியில் 'சு', 'க்'. புத்தகம் முடிந்தது.

ரேடியோ இத்தனை நேரம் பொறுத்ததே பெரிசு. "என்ன அண்ணி, முடிஞ்சுதா? என்னதான் வார்த்தை? இப்பவாவது சொல்லுங்க."

அவர் வாயைத் திறக்காமல் மோவாயால் நர்ஸ் மேஜைக்கு மேலே காட்டினார்.

ரேடியோ திரும்பிப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு மெல்ல மேலே பார்த்தார்.

"அடப் போங்கண்ணே. அதைத்தானே வர்ற நாளெல்லாம் பார்த்துட்டு இருக்கோம். அதையா ரெண்டு தடவை உட்கார்ந்து தேடினீங்க?"

"ஆமாப்பா. ரெண்டு தடவை தேடினோம்" என்றார் அவர்.

நர்ஸ் வந்து மெஷினை நிறுத்தினாள். ஊசி வெளியே வந்தது. பஞ்சை வைத்து இவள் அழுத்திப் பிடித்தாள். விரலுக்குக் கீழே மோட்டார் ஓடியது. அவர் சோர்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது பேசினார்.

"அடுத்த தடவைக்கு என்ன பண்றது? பாப்பா அனுப்ப நாளாகும்."

"முதல் பக்கத்துக் கட்டத்தை அழிச்சுட்டு மறுபடி போடலாங்க. பென்சில்தானே. சொல்லு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை. உனக்கு?"

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒளிக்க மாட்டேன் என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை.

"இருக்குங்க" என்றாள்.

"சரி. கடைசி வரைக்கும் சொல்லாதே" என்றார் அவர்.

அவள் தலையாட்டிவிட்டு, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.